அப்பா வயலுக்கு தனிப் பட்டா: வீடியோ கால்ல விண்ணப்பம் போட்ட கதை

எங்க வயலுக்கு அப்பா பேர்ல தனிப் பட்டா வந்துருச்சு. நான் ஜெர்மனில இருக்கேன், அப்பா திருச்சி மாவட்டத்துல கொள்ளிடத்துக்கு வடக்க ஒரு சின்ன ஊர்ல இருக்காரு, விண்ணப்பம் போட்டது முழுக்க அவரோட போன்ல அவரே தான், நான் வீடியோ கால்ல கூட இருந்தேன், அவ்வளவு தான். வெளியூர்ல இருந்துக்கிட்டு அப்பா அம்மாவுக்கு இந்த வேலைய பண்ணிக் குடுக்கப் பாக்குறவங்களுக்கு உதவுமேன்னு நடந்தத வரிசையா எழுதி வைக்கிறேன்.

முதல்ல நிலத்தோட நிலவரம். தாத்தா பேர்ல ஒரு நன்செய், புல எண் 148/2B, ஒன்னேகால் ஏக்கர். தாத்தா 2009ல தவறிட்டாரு. 2014ல பெரியப்பா, அப்பா, அத்தை மூணு பேரும் கையெழுத்து போட்டு பாகப்பிரிவினை பத்திரம் பதிவு பண்ணாங்க, அத்தைக்கு டவுன்ல இருந்த மனை, வயல்ல வடபாதி பெரியப்பாவுக்கு, தென்பாதி அப்பாவுக்கு, ஆளுக்கு 62½ சென்ட். பத்திரம் பதிஞ்சதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டாங்க, பட்டா தாத்தா பேர்லயே கெடந்துச்சு. இடையில உழுது நட்டு அறுத்து எல்லாம் நடந்துகிட்டு தான் இருந்துச்சு, ஆனா கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் கேக்கப் போனாலும் சரி நெல் கொள்முதலுக்குப் போனாலும் சரி சிட்டா அடங்கல்னு கேக்கும்போது தாத்தா பேரு வரும், அப்பா பத்திரத்த தூக்கிட்டுப் போய் வெளக்கம் சொல்லணும். கடைவீதில ஒருத்தரு எல்லாத்தையும் நான் பாத்துக்குறேன், 7000 ரூவா குடுங்கன்னு சொல்லிருக்காரு. அப்பா குடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணாரு, அதுல இருந்து ஆரம்பிச்சது இது.

தமிழ்நாட்டுல கிராமத்து நிலத்துக்கு பட்டா மாறுதல் நாமளே போடலாம், tamilnilam.tn.gov.in/citizen னு ஒரு பக்கம் இருக்கு. மொபைல் நம்பர் குடுத்து பதிவு பண்ணி ஓடிபி போட்டு உள்ள போனா ஆரம்பத்துலயே ஒரு கேள்வி வரும், உட்பிரிவு உள்ளதா உட்பிரிவு இல்லாததா. மத்த கட்டமெல்லாம் நிரப்புற வேலை தான், இந்த ஒரு கேள்விக்கு தான் யோசிக்கணும். ஒரு புல எண் முழுசா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போகுதுன்னா உட்பிரிவு வேணாம், கட்டணம் 60 ரூவா, கிராம நிர்வாக அலுவலர் பாத்து மண்டல துணை வட்டாட்சியர் முடிச்சிருவாரு. அதே புல எண்ல ஒரு பகுதி மட்டும் நமக்குன்னா அந்த எண்ணையே ரெண்டா ஒடைக்கணும், சர்வேயர் வந்து அளக்கணும், அதுக்கு உட்பிரிவுக் கட்டணம் 400ம் சேத்து 460 ரூவா. தப்பா உட்பிரிவு இல்லாததுல போட்டா அதிகபட்சம் கூட்டுப் பட்டாவா கெடைக்கும், இல்லன்னா தள்ளுபடி ஆகும். அப்பா சொன்னாரு, "நாங்க தான் 2014லயே பிரிச்சாச்சே பாப்பா, இன்னும் என்ன பிரிக்கிறது"ன்னு. பத்திரத்துல பிரிச்சது வேற, வருவாய்த்துறை கணக்குல பிரியுறது வேறங்கிறத நான் பேசிப் புரிய வைக்கப் பாத்தேன், ஆகல. பட்டாவையும் பத்திரத்தையும் ரெண்டு கையில வச்சு ஒரே புல எண் 148/2B ரெண்டுலயும் இருக்கான்னு அவரையே படிக்கச் சொன்னேன், பட்டால முழு நிலமும் பத்திரத்துல பாதியும் இருக்குன்னு அவரே கண்டுபிடிச்சாரு. அப்புறம் அந்தக் கேள்வி வரவே இல்ல.

இனி கால் செட்டப் பத்தி. இத நான் சாதாரணமா நெனச்சுட்டேன், ஆனா இதுக்குத் தான் நெறைய நேரம் போச்சு. முதல்ல வாட்ஸப் கால்லயே ஸ்க்ரீன் ஷேர் போட்டுப் பாத்தோம். அவரோட திரை எனக்கு தெளிவா தெரிஞ்சுது, ஆனா அவரு விரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. "மேல மூணு கோடு இருக்குல்லப்பா அத அமுத்துங்க"ன்னா ஒரு வேளை பிரவுசர் மெனு திறக்கும், ஒரு வேளை பக்கத்து மெனு திறக்கும், ஏன் திறந்துச்சுன்னு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதோட ஓடிபி வரும்போது மெசேஜ் மேல இருந்து எறங்கி அப்படியே எனக்குத் தெரியுது, பேங்க் மெசேஜும் தான். ஷேர் பண்ற பழக்கத்தையே அவருக்கு நான் கத்துக் குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே விட்டுட்டேன், நாளைக்கு எவனாவது பேங்க்ல இருந்து பேசுறேன் ஸ்க்ரீன் ஷேர் போடுங்கன்னா இவரு பழகின கையோட போட்ருவாரு.

கடைசில வேலை செஞ்சது ரெண்டு போன். அப்பா போன்ல படிவம், அம்மா போன்ல வீடியோ கால். அம்மா போனோட பின்பக்க கேமரா கீழ அப்பா போன பாக்குற மாதிரி வைக்கணும். அதுக்கு ரெண்டு பக்கமும் பித்தளை டப்பாவ அடுக்கி மேல ஒரு மரப்பலகை, பலகை விளிம்புக்கு வெளிய கேமரா மட்டும் நீட்டிகிட்டு இருக்கும், பலகை மேல ஒரு அரிசிப்படி வெயிட்டுக்கு. உயரம் முக்கியம். ஒரு முழ உயரத்துல வச்சப்போ எனக்கு எழுத்து படிக்க முடியல, ஒரு சாண், ஒன்னரை சாணுக்குள்ள வச்சப்போ எழுத்தும் தெரிஞ்சுது விரலும் தெரிஞ்சுது. அப்பா போன தரையில படுக்கப் போட்டா டியூப்லைட் நேரா அதுல விழுந்து வெள்ளையா அடிக்கும், தலைமாட்டுப் பக்கம் ரெண்டு விரல் உசரத்துக்கு ஒரு நோட்ட மடிச்சு வச்சு சரிச்சதும் நின்னுருச்சு. பேன நிறுத்திட்டா பேச்சு நல்லா கேக்கும், ஆனா மே மாசத்துல பேன நிறுத்த முடியாது, அதனால அம்மா இயர்போன் மைக்க அப்பா சட்டைல குத்தி விட்டாங்க. எனக்கு காலைல ஆறு மணி, அங்க ஒம்பதரை, அப்பா வயல்ல தண்ணி பாத்துட்டு காப்பி குடிச்சுட்டு வந்து உக்கார்ற நேரம், அது தான் எங்களுக்கு ஒத்து வந்துச்சு.

இன்னொரு மாத்தம், நான் சொல்ற முறை. "அந்த பட்டன அமுத்துங்க"ன்னு சொல்றத விட்டுட்டு, "இப்ப என்ன எழுதிருக்குன்னு வாசிங்கப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அவரு மேல இருந்து கீழ வாசிப்பாரு, வாசிக்கும்போதே பாதி அவருக்கே புரிஞ்சுரும். படிவம் தமிழ்ல தான் இருக்கு, அவரு தெனம் பேப்பர் படிக்கிற ஆளு, வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம், புல எண் எல்லாம் அவருக்கு என்னை விட நல்லாத் தெரிஞ்ச வார்த்தைங்க. கைக்கு தான் போன் பழக்கமில்ல.

படிவத்துக்குப் போறதுக்கு முன்னாடி பழைய பட்டாவையும் புலப்படத்தையும் எறக்கினோம், eservices.tn.gov.in ல மாவட்டம் வட்டம் கிராமம் குடுத்து புல எண் போட்டா வரும், காசு கெடையாது. கிராமம் தேடுறப்ப ஒரு எடம் நின்னோம். எங்க ஊர் பேரு பட்டியல்லயே இல்ல. அப்பா மேல கீழ தேடிட்டு ஊரையே காணோம்ன்னாரு. நாங்க ஊர்னு சொல்றது ஒரு சிற்றூர், வருவாய் கிராமம் பக்கத்து பெரிய ஊர் பேர்ல இருக்கு. தாத்தா காலத்து வரி ரசீத எடுத்துப் பாத்தா கிராமம்ங்கிற எடத்துல அந்தப் பேரு தான் இருந்துச்சு. பழைய ரசீத எல்லாம் கம்பில குத்தி வச்சிருந்தது நல்லதாப் போச்சு.

புலப்படம் வந்ததும் அப்பா பாத்துட்டு "இது நம்ம வயல் இல்லையே"ன்னாரு. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. புல எண்ணு மாறிருக்கோ, யுடிஆர்ல ஏதாவது குளறுபடி ஆயிருக்கோன்னு (யுடிஆர்ங்கிறது 1979ல இருந்து 87 வரைக்கும் நடந்த நில உடைமை மேம்பாட்டு திட்டம், பல ஊர்ல பேரும் எண்ணும் மாறினது அப்போ தான்) மனசு ஓடுது. பொறுமையா கேட்டேன், எதனால இல்லைன்னு சொல்றீங்கன்னு. "வாய்க்கால் கீழ இருக்கு, ரோடு மேல இருக்கு, தப்பா இருக்கு பாரு"ன்னாரு. படத்துல வடக்கு மேல இருக்கும். அப்பா தெனம் வடக்கு ரோட்டுல இருந்து எறங்கி தெக்க பாத்து நடப்பாரு, அவரு மனசுல இருக்கிற படத்துல ரோடு காலடில, வாய்க்கால் எதிர்ல. போன தலைகீழா திருப்பிப் பிடிங்கப்பான்னேன். திருப்பினாரு, கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஆங்"ன்னாரு.

அதுக்கப்புறம் நடந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. புலப்படத்துல நம்ம புலத்த சுத்தி பக்கத்து புல எண்ணுங்க எழுதிருப்பாங்க. நான் எண்ண சொன்னேன், அப்பா வயல சொன்னாரு. "147?" "அது கோயில் நெலம்." "149?" "அது நாலு பங்காளிங்க வச்சிருக்கிறது, அதுல மூலைல ஒரு கெணறு இருக்கும்." படத்துல அந்த மூலைல கெணத்துக்கு அடையாளம் இருந்துச்சு. நாலு பக்கமும் இப்படி ஒத்துப் போனதும் தான் புல எண் சரின்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு. பத்திரத்துல நாலு மால்னு நாலு பக்க எல்லைய எழுதிருக்கிறதும் இதுவும் ஒன்னா இருக்கான்னு ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிட்டோம். நான் பொறந்து வளந்த ஊரு தான், ஆனா எங்க வயலுக்கு கெழக்க யாரு மேக்க யாருன்னு அன்னிக்கு தான் எனக்கு ஒழுங்கா தெரிஞ்சுது.

அடுத்து பரப்பளவு. பத்திரத்துல எல்லாம் சென்ட், பட்டால ஹெக்டேர்-ஏர்ஸ். பட்டால 0 - 50.50ன்னு இருந்துச்சு. அப்பாவுக்கு சந்தேகம், ஒன்னேகால் ஏக்கர் இருக்கான்னு. ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், 2.471 சென்ட். 50.50ஐ அதால பெருக்கினா 124.79 சென்ட். நம்ம கணக்குப்படி 125. "0.21 சென்ட் எங்க போச்சு"ன்னாரு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்போ கொறையுறது 90 சதுர அடி சொச்சம். யுடிஆர்ல மெட்ரிக்குக்கு மாத்தும்போது பரப்ப அரை ஏருக்கு முழுசாக்கி எழுதிருக்காங்க, அதுல வந்த வித்தியாசம், நெலம் எங்கயும் போகலன்னு சொன்னேன். அவரு தாள்ல பெருக்கிப் பாத்துட்டு தான் ஒத்துக்கிட்டாரு.

புலப்படத்துல அளவு மீட்டர்ல இருக்கும். எங்க புலம் ஏறக்குறைய செவ்வகம், கெழமேல் 80 மீட்டர், தென்வடல் 63.1. பெருக்கினா 5048 சதுர மீட்டர், பட்டாவோட ஒத்து வருது. சரிபாதின்னா தென்வடல் ஆளுக்கு 31.55 மீட்டர். நடுவுல ஒரு வரப்பு இருக்கு, தாத்தா இருக்கும்போதே இருந்த வரப்பு. சர்வேயர் வந்து அளக்கும்போது முதல்ல கேக்கப் போறது அந்த வரப்பு எங்க இருக்குன்னு தான, நாமளே பாத்துரலாம்னு அப்பாவ ஒரு 30 மீட்டர் டேப் வாங்கச் சொன்னேன், 350 ரூவா. அம்மா ஒரு முனை அப்பா ஒரு முனைன்னு தெக்கு எல்லைக்கல்லுல இருந்து வரப்பு நடு வரைக்கும் அளந்தாங்க, ரெண்டு எடத்துல. 30.6 சொச்சம் தான் வந்துச்சு. ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் வரப்பு நம்ம பக்கம் இருக்கு. நீளம் 80 மீட்டர்ங்கிறதால 72 சதுர மீட்டர், ஒன்னேமுக்கால் சென்ட்.

இங்க தான் வேலை கொஞ்ச நாள் நின்னுச்சு. அப்பா சொல்றாரு, இத விட்டுரு, அண்ணன்கிட்ட போய் மூணு அடிக்கு நிக்க முடியாதுன்னு. எனக்கு நெலத்த விட படிவம் தான் கவலை. பத்திரத்துல 62½ சென்ட்னு இருக்கு, வரப்புப்படி அளந்தா 60¾ தான் வரும், பத்திரத்துக்கும் தரைக்கும் ஒத்து வரலன்னு சர்வேயர் எழுதி அனுப்பிட்டா அதோட கோப்பு நின்னுரும், இல்லன்னா அளக்குற அன்னிக்கு ஊரு கூடி நிக்கும்போது பெரியப்பாவுக்கு இது முதல் தடவையா தெரிய வரும். அது ரொம்ப மோசம். அப்பாகிட்ட இத சொன்னேன், நீங்க மண்ணு கேக்கப் போகல, அளக்க வர்றதுக்கு முன்னாடி தகவல் சொல்லப் போறீங்க, அவ்வளவு தான்னு. அவரு ரெண்டு மூணு நாள் எதுவும் பேசல. அப்புறம் ஒரு சாயங்காலம் புலப்படத்த ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு அவரே போயிருக்காரு. பெரியப்பா டேப்ப வாங்கி தானும் ஒரு தடவ அளந்து பாத்துட்டு, "எங்கப்பா போட்ட வரப்புடா, அவரு கண்ணளவுல போட்டது, பத்திரப்படியே அளக்கட்டும், அறுப்பு முடிஞ்சதும் வரப்ப நகத்திக்கலாம்"னு சொல்லிருக்காரு. அப்பா அன்னிக்கு ராத்திரி இத எனக்கு சொல்லும்போது கொரல் வேற மாதிரி இருந்துச்சு.

பேப்பர் வேலை. ஏத்த வேண்டியது பாகப்பிரிவினை பத்திரம், தாத்தாவோட இறப்புச் சான்று, பழைய பட்டா, வில்லங்கம், அப்பாவோட ஆதார். வில்லங்கம் tnreginet.gov.in ல பாக்குறதுக்கு காசு இல்ல, பிடிஎஃப்பாவே எறக்கலாம், 2014 பாகப்பிரிவினை அதுல ஏறிருக்கா, அதுக்கப்புறம் வேற எதுவும் இல்லையான்னு பாத்துக்கணும். பத்திரத்த ஸ்கேன் பண்றது தான் கஷ்டம். கூகிள் டிரைவ் ஆப்லயே ஸ்கேன் இருக்கு, பக்கம் பக்கமா எடுத்தா ஒரே பிடிஎஃப்பா சேத்துக் குடுக்கும். முதல்ல அப்பா ராத்திரி லைட்டுல எடுத்தாரு, எல்லா பக்கத்துலயும் அவரு தலை நெழல். அடுத்த நாள் காலைல திண்ணைல, வெயில் நேரா படாத வெளிச்சத்துல, பத்திரத்த மணைப்பலகையில வச்சு எடுத்தப்போ சுத்தமா வந்துச்சு. கருப்பு வெள்ளைல மாத்தினா சைஸ் கொறையுதுன்னு அப்படிப் பண்ணோம், ஆனா ஊதா கலர் முத்திரை மொத்தமா காணாமப் போச்சு. கலர்ல எடுத்தா படிவம் ஏத்துக்குற அளவ தாண்டுது. நடுவுல கிரேஸ்கேல்னு ஒன்னு இருக்கு, அதுல முத்திரையும் தெரிஞ்சுது, சைஸும் அடங்குச்சு. அப்புறம் பத்திரத்தோட பின்பக்கம். முன்பக்கம் மட்டும் எடுத்து வச்சிருந்தாரு, ஆனா ஆவண எண்ணு, வருஷம், சார்பதிவாளர் கையெழுத்து இதெல்லாம் பின்பக்கம் தான் இருக்கு. அது இல்லாம அந்த பிடிஎஃப்ப வச்சு அங்க யாரும் எதுவும் சரிபாக்க முடியாது, அதனால முன்னும் பின்னுமா மறுபடி எல்லா பக்கமும் எடுத்தோம்.

எல்லாம் சேந்ததும் ஒரு நோட்டுத்தாள்ல படிவத்துக்கு வேணும்ங்கிறத வரிசையா எழுதச் சொன்னேன். வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு எண், பத்திர எண்ணு, வருஷம், சார்பதிவாளர் அலுவலகம், ஏர்ஸ்ல பரப்பு. இது எதுக்குன்னா, லாகின் பண்ணிட்டு கொஞ்ச நேரம் எதையும் தொடாம இருந்தா வெளிய வந்துரும், நடுவுல பீரோவ தெறந்து தேட நேரம் இருக்காது. அந்தத் தாள் கையில இருந்தப்போ நிரப்புற வேலை ஒரே உக்காரல்ல முடிஞ்சுது.

ஓடிபி விஷயம். மொத தடவ வந்ததும் அப்பா வழக்கம் போல சத்தமா வாசிச்சாரு, "நாலு, ஏழு,"ன்னு. நான் நிறுத்தச் சொன்னேன். "அந்த நம்பர எனக்கும் சொல்லாதீங்கப்பா, யாருக்கும் சொல்லாதீங்க, நீங்களே பாத்து நீங்களே போடுங்க." அவருக்கு கொஞ்சம் சங்கடம், ஒனக்கு சொல்றதுல என்னம்மான்னாரு. எனக்கு சொல்லிப் பழகினா கேக்குற எல்லாருக்கும் வாயில வந்துரும், வெளிய சொல்லவே கூடாதுங்கிறது கைப்பழக்கமா இருக்கணும்னு சொன்னேன். அதுல இருந்து ஓடிபி வந்தா போன நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு பாத்துட்டு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்து போடுவாரு. பணம் கட்டும்போது அம்மா பலகையோட போன சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டாங்க, ரசீது வந்ததுக்கப்புறம் தான் மறுபடி திருப்பினாங்க. 460 ரூவா, அப்பா அக்கவுண்ட்ல இருந்தே.

பேரு போடுற எடத்துல நின்னு நிதானமா பாத்தோம். அப்பா பேர்ல ண வருது, போன்ல அடிக்கும்போது அது ன-வா காட்டுச்சு, அவரு பரவால்லம்மான்னாரு. விடல. ஆதார்ல ஒன்னு பட்டால ஒன்னுன்னு ஆனா திருத்தத்துக்கு தனியா அலையணும், நாளைக்கு அது எங்க தலையில தான் விழும். தாத்தா பேர பழைய பட்டால எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டோம், இனிஷியல் உட்பட.

அனுப்பினதும் விண்ணப்ப எண் மெசேஜா வந்துச்சு. அத அப்பா கேலண்டர்ல எழுதி வச்சாரு, அம்மா போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாங்க. உட்பிரிவு உள்ளதுக்கு 30 நாள்னு சொல்றாங்க, எங்களுக்கு அத விட அதிகமாவே ஆச்சு. நடுவுல நிலை பாத்தா ரொம்ப நாள் அளவர்கிட்ட நிலுவைன்னே இருக்கும். அப்பா தெனம் பாத்து பாத்து அந்த எடத்துக்கு தானே போகக் கத்துக்கிட்டாரு, அதுக்கு என் கால் தேவைப்படல.

அளக்க வந்த அன்னிக்கு எனக்கு டியூட்டி, கால்ல இருக்க முடியல. அப்பா சொல்லி தான் தெரியும். கோயில் நெலத்துக்காரங்க, கெழக்க இருக்கிறவங்க எல்லாருக்கும் முன்னாடியே தகவல் போயிருந்துச்சு. தெக்கு எல்லைக்கல்லு வாய்க்கா மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்தத அப்பா ஏற்கனவே தோண்டி சுத்தம் பண்ணி சுண்ணாம்பு அடிச்சு வச்சிருந்தாரு, நாங்க டேப் பிடிச்சப்போ தேடினதால அது எங்கன்னு அவருக்குத் தெரியும். சர்வேயர் வரப்பு ஒத்து வரலையேன்னு கேட்டப்போ பெரியப்பா முன்னால வந்து பத்திரப்படி போடுங்க சார்னு சொல்லிருக்காரு. ரெண்டு எடத்துல முளை அடிச்சு விட்டாங்க, அன்னிக்கே அதுக்குப் பக்கத்துல ரெண்டு கல்லு நட்டாச்சு.

வந்த பட்டால புல எண் 148/2B2, பரப்பு 0 - 25.25. அப்பா உடனே தாள எடுத்து பெருக்கி, 62.39 சென்ட், பத்திரத்த விட 0.11 கம்மி, அதாவது 47 சதுர அடி, அது பழைய அரை ஏர் கணக்குல வந்ததுன்னு அவரே எனக்கு சொன்னாரு.

செலவு கணக்கு பாத்தா கட்டணம் 460, டேப் 350, ஜெராக்ஸுக்கும் கல்லு ரெண்டுக்கும் சேத்து ஒரு 500க்குள்ள. டேப் வீட்டுல இருக்கு.

அடுத்த தடவை செஞ்சா மாத்துறது ரெண்டு. ஒன்னு, டேப்பையும் புலப்படத்தையும் முதல் வேலையா எடுப்பேன், ஸ்கேன் எல்லாம் அப்புறம், ஏன்னா தரையில ஒத்து வரலன்னா மத்த பேப்பர் எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனமில்ல. இன்னொன்னு, பெரியப்பாவையும் அன்னிக்கே கூட உக்கார வச்சு ரெண்டு பேர் பேரையும் சேத்து கேட்டிருக்கலாம். இப்போ அவரோட வடபாதி 148/2B1னு தனி எண்ணா ஆயிருச்சு, ஆனா இன்னும் தாத்தா பேர்ல தான் இருக்கு. நல்ல விஷயம் என்னன்னா, அந்த எண்ணு முழுசும் அவருக்கே போறதால இனி ஒடைக்க எதுவும் இல்ல, உட்பிரிவு இல்லாததுல போடலாம், 60 ரூவாயோட முடியும். அதுக்கு பெரியப்பா வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றாரு. பலகை, டப்பா, நோட்டுத்தாள் எல்லாம் எடுத்து வச்சாச்சாம், என்னை கால்ல வேணும்னா இருன்னு சொல்லிருக்காரு அப்பா, படிவத்த அவரே போட்டுக் குடுக்குறேன்னு பெரியப்பாகிட்ட வாக்கு குடுத்துட்டாரு. பெரியப்பா பத்திரத்தோட பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கன்னு மட்டும் நான் மெசேஜ் போட்டு வச்சேன், "தெரியும்"னு ஒரே வார்த்தைல பதில் வந்துச்சு.